நான்கு மணி வெயிலை ஐந்தரை மணி வெயிலாக்குவது

கைப்பேசியில் எடுத்த வீடியோவுக்கு மாலை நேரத்துத் தோற்றம் வேண்டும் என்றதும், எடிட்டிங் செயலியில் பெரும்பாலானோர் தேடுவது வெதுவெதுப்பைக் கூட்டும் ஸ்லைடரைத்தான். அதை வலப்பக்கம் தள்ளியதும் படம் ஆரஞ்சாகிவிடும். மணல், வானம், வெள்ளைச் சட்டை, கருங்கூந்தல், நிழல் எல்லாம் ஒரே அளவில் ஆரஞ்சு. அதில் மாலை இருக்காது. நண்பகல் படம் ஒன்றை மஞ்சள் கண்ணாடித்தாள் வழியாகப் பார்ப்பது போலத்தான் இருக்கும்.

காரணம் மாலை வெளிச்சத்திலேயே இருக்கிறது. சூரியன் தாழும்போது அதன் ஒளி காற்றுமண்டலத்தை மிகச் சாய்வாக, நெடுந்தூரம் கடந்து வருகிறது. வழியில் நீல ஒளி சிதறிப் போக, சிவப்பும் மஞ்சளும் மிஞ்சுகின்றன. ஆனால் அந்த ஒளி படுவது சூரியனை நோக்கிய பரப்புகளில் மட்டும். மறுபக்கம் நிழல். நிழலுக்கு வெளிச்சம் கொடுப்பது சூரியன் அல்ல. தலைக்கு மேலிருக்கும் நீல வானம். ஆகவே மாலையில் ஒரே முகத்தின் ஒரு கன்னம் பொன்னாகவும் மறு கன்னம் சற்றே நீலமாகவும் இருக்கும். மாலை என்று நம் கண் அடையாளம் காண்பது இந்த இரண்டின் வேறுபாட்டைத்தான். நிழலையும் சேர்த்து ஆரஞ்சாக்கினால் அந்த வேறுபாடு அழிந்துவிடும். கலர் வீல்களும் கர்வ்களும் தேவைப்படுவது இதற்காகவே. வெளிச்சத்தை ஒரு பக்கமும் நிழலை வேறொரு பக்கமும் தள்ள அவற்றால் முடியும்.

ஒரு கிளிப்பை எடுத்துக்கொண்டு பார்ப்போம். சென்னை மெரினா, ஜனவரி நடுவில் ஒரு நாள், மாலை நான்கு மணி. சுண்டல் விற்பவர் ஒருவர் தூக்குவாளியோடு மணலில் நிற்கிறார். வெள்ளைச் சட்டை, கறுத்த மேனி. இடுப்புக்கு மேல்தான் படத்தில் தெரிகிறார். பின்னால் கடல், அதற்கு மேல் வானம். இதை அன்று ஐந்தரை மணிக்கு எடுத்தது போல் காட்ட வேண்டும். கருவி டாவின்சி ரிசால்வ். அதன் இலவசப் பதிப்பே போதும்.

தொடங்குமுன் இந்தக் கிளிப் அதற்குத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். நிறத்தை மாற்றலாம், சூரியன் நின்ற இடத்தை மாற்ற முடியாது. ஜனவரி நடுவில் சென்னையில் ஆறு மணியை ஒட்டிச் சூரியன் மறையும். நான்கு மணிக்கு அது அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 25 பாகை உயரத்தில், தென்மேற்குப் பக்கமாக நிற்கும். ஒருவரின் நிழல் அவர் உயரத்தைப் போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேல். ஐந்தரைக்கு அதே நிழல் ஏறத்தாழ ஒன்பது மடங்காக நீளும். மணலில் கிடக்கும் நிழல் படத்தில் தெரிந்திருந்தால் எவ்வளவு பொன்னிறம் பூசினாலும் பார்ப்பவருக்கு ஏதோ பொருந்தவில்லை என்று தோன்றும். நம் கிளிப்பில் இடுப்புக்கு மேல்தான் தெரிவதால் தப்பித்தோம். வெயில் பக்கவாட்டில் முகத்தில் விழுவதும் நமக்குச் சாதகம். மூக்கின் நிழலும் புருவத்தின் நிழலும் நேர்கீழே விழும் பன்னிரண்டு மணிக் கிளிப்பாக இருந்தால் நான் அதைத் தொடவே மாட்டேன்.

இன்னொன்றும் உண்டு. மெரினா கிழக்கு நோக்கிய கடற்கரை. சூரியன் நகரத்தின் பக்கம் மறைகிறது. கடலைப் பின்னணியாக வைத்து எடுத்த படத்தில் வானம் சூரியனுக்கு எதிர்ப்பக்கத்து வானம். அது செவ்வானமாக எரியக் கூடாது. மங்கிய நீலமாகவோ சாம்பல் நீலமாகவோ இருக்க வேண்டும். கடலுக்கு மேல் ஆரஞ்சு வானத்தைப் பூசினால் சென்னைவாசிக்கு அது விடியற்காலையாகத் தெரியும்.

இனி வேலை. ரிசால்வின் கலர் பக்கத்தில் மாற்றங்களை நோட் எனப்படும் பெட்டிகளில் செய்கிறோம். ஒரு நோடில் செய்ததன் விளைவு அடுத்த நோடுக்குப் போகும். எல்லாவற்றையும் ஒரே நோடில் திணித்தால் தவறு எங்கே நேர்ந்தது என்று பிறகு பிரித்துப் பார்க்க முடியாது. ஆகவே மூன்று நான்கு நோடுகளாக வைத்துக்கொள்வது நல்லது. கூடவே Parade என்ற ஸ்கோப்பைத் திறந்து வைக்க வேண்டும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் அது தனித்தனி வரைபடங்களாகப் பக்கம் பக்கமாகக் காட்டும். அடியில் 0, அதாவது கறுப்பு. உச்சியில் 1023, அதாவது முழு வெள்ளை.

முதல் நோடில் படத்தை நடுநிலைக்குக் கொண்டுவருகிறோம். சுண்டல்காரரின் வெள்ளைச் சட்டை பாரேடில் மூன்று நிறத்திலும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். நீலம் தூக்கலாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். எப்படியும் ஆரஞ்சாக்கத்தானே போகிறோம், இது எதற்கு என்று கேட்கலாம். நடுநிலையிலிருந்து தொடங்கினால்தான் நாம் சேர்த்த சூடு எவ்வளவு என்பது தெரியும்; அடுத்த ஷாட்டிலும் அதே அளவைச் சேர்க்க முடியும். இதே நோடில் வெளிச்சத்தையும் கொஞ்சம் குறைத்துவிடலாம். நடுத்தர வெளிச்சத்துக்கான Gamma வீலின் அடியில் இருக்கும் உருளையை இடப்பக்கம் லேசாக நகர்த்தினால் போதும். கான்ட்ராஸ்ட்டைக் கூட்டும் ஆசை வரும், வேண்டாம். அடிவானத்தை நெருங்கும் சூரியன் வலுவிழந்தது. வெயில் படும் இடத்துக்கும் நிழலுக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம் நண்பகலைவிட மாலையில் குறைவு. கடுங்கறுப்பு நிழலும் பளீர் ஆரஞ்சும் சேர்ந்த படம் விளம்பரத்துக்குச் சரிப்படலாம். ஐந்தரை மணி அப்படி இருக்காது.

இரண்டாவது நோடில் கலர் வீல்கள். திரையில் Lift, Gamma, Gain, Offset என்று நான்கு வட்டங்கள் இருக்கும். லிஃப்ட் இருண்ட பகுதிகளையும், காமா நடுத்தரத்தையும், கெயின் வெளிச்சப் பகுதிகளையும் அதிகமாக நகர்த்தும். ஆஃப்செட் எல்லாவற்றையும் ஒரே அளவில் நகர்த்தும். நாம் தவிர்க்க வேண்டியது இந்த ஆஃப்செட்டைத்தான். ஃபிலிம் காலத்தில் பிரதி எடுக்கும் கூடத்தில் இருந்த வசதி ஏறக்குறைய இது ஒன்றே. சென்னையின் பிரசாத், ஜெமினி போன்ற லேப்களில் மட்டுமல்ல, உலகம் முழுவதும் பிரின்டர் விளக்கின் சிவப்பு, பச்சை, நீல அளவுகளை மாற்றித்தான் நிறம் திருத்தினார்கள். அந்த மாற்றம் முழுச் சட்டகத்தையும் பாதிக்கும். நிழலை விட்டுவிட்டு வெயிலை மட்டும் தொட வழியில்லை. மாலை வேண்டுமென்றால் மாலைக்காகக் காத்திருந்தார்கள், அல்லது லென்ஸின் முன் ஃபில்டர் போட்டார்கள். 2000இல் வெளிவந்த ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?’ என்ற அமெரிக்கப் படத்துக்காக ஒளிப்பதிவாளர் ராஜர் டீக்கின்ஸ் படம் முழுவதையும் ஸ்கேன் செய்து, மிசிசிப்பியின் கோடைப் பசுமையைக் கணினியில் காய்ந்த பொன்னிறமாக மாற்றினார். அன்று பெரிய ஸ்டூடியோவுக்கே கிடைத்த அந்த வசதி இன்று நம் மேசைக் கணினியில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஆஃப்செட்டை மட்டும் திருப்புவது பழைய கட்டுப்பாட்டுக்கே திரும்பிப் போவதாகும்.

ஆகவே கெயின். அதன் நடுப்புள்ளியை ஆரஞ்சு இருக்கும் திசையில், அதாவது சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையில், மெதுவாக இழுக்கிறோம். கீழே சிவப்பு, பச்சை, நீல எண்கள் மாறும். எல்லாமே 1.00இல் தொடங்கியவை. சிவப்பு 1.06, பச்சை 1.00, நீலம் 0.88 என்ற அளவில் நிறுத்தலாம். இது ஒரு தொடக்கப் புள்ளிதான். கிளிப்புக்குக் கிளிப் மாறும். பிறகு லிஃப்ட் வீலை எதிர்த்திசையில், நீலத்தின் பக்கம், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவுக்கு நகர்த்துகிறோம். நீல எண் 0.01 கூடினாலே போதும். அதற்கு மேல் போனால் தலைமுடி நீலமாகத் தெரியத் தொடங்கிவிடும்.

இங்கே ஆரஞ்சைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். நீலத்தைக் குறைத்தால் மட்டும் வருவது மஞ்சள். சிவப்பைக் கூட்டினால் மட்டும் வருவது இளஞ்சிவப்பு. பொன்வெயில் இந்த இரண்டும் சேர்ந்தால் வருவது. படம் மஞ்சள் காமாலை பிடித்தது போல் இருக்கிறது என்றால் நீலத்தை மட்டும் குறைத்திருக்கிறீர்கள். சிவப்பைச் சிறிது கூட்டுங்கள், அல்லது பச்சையைச் சற்றுக் குறையுங்கள். வெயிலில் கன்றிப் போன முகமாகத் தெரிந்தால் சிவப்பு அதிகம். தொடக்கநிலையில் இருப்பவர்கள் வீலை எங்கெங்கோ சுற்றித் தடுமாறும் பல நேரங்களில் சிக்கல் இந்த விகிதம்தான்.

வீலோடு ஏன் நிறுத்திக்கொள்ளக் கூடாது? கெயின் என்பது பெருக்கல். நீலத்தில் 0.88 என்றால் 1000 இருந்த இடம் 880 ஆகும். 500 இருந்த இடம் 440 ஆகும், 100 இருந்தது 88 ஆகும். வெளிச்சத்தில் 120 குறைகிறது, சரி. ஆனால் நடுத்தரத்திலும் 60 குறைகிறது. சுண்டல்காரரின் முகத்தில் நிழல் விழுந்த பாதி பெரும்பாலும் அதற்கும் கீழேதான் இருக்கிறது. அங்கேயும் ஆரஞ்சு கசிகிறது. இந்த இடத்திலிருந்து மேலே மட்டும் என்று வீலுக்குச் சொல்ல முடியாது. கர்வுக்குச் சொல்லலாம்.

மூன்றாவது நோடில் Custom என்ற கர்வைத் திறக்கிறோம். இடக்கீழ் மூலையிலிருந்து வலமேல் மூலைக்கு ஒரு சாய்வுக்கோடு. கிடைமட்டத்தில் இருப்பது படத்துக்குள் வந்த வெளிச்சம். செங்குத்தில் இருப்பது வெளியே போகும் வெளிச்சம். கோடு நேராக இருக்கும்வரை எதுவும் மாறாது. முதலில் பக்கத்தில் இருக்கும் இணைப்புக் குறியை அழுத்தி நிறங்களைப் பிரித்துவிட வேண்டும்; இல்லையென்றால் நீலத்தை இழுக்கும்போது மற்றவையும் கூடவே வரும். பிறகு B என்ற எழுத்தை அழுத்தி நீலக் கோட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் கோட்டின் மேல் ஒரு புள்ளி வைக்கிறோம். இதை அசைக்கக் கூடாது. நிழலைப் பிடித்து வைக்கும் நங்கூரம் இதுதான். முக்கால் உயரத்தில் இன்னொரு புள்ளி வைத்து அதைக் கொஞ்சம் கீழே இழுக்கிறோம். வெயில் பட்ட கன்னமும் தோளும் வாளியின் விளிம்பும் நிறம் மாறும்; கழுத்தின் நிழல் அப்படியே இருக்கும். சிவப்புக் கோட்டிலும் அதே போல ஒரு நங்கூரம், மேலே ஒரு சிறு ஏற்றம். கர்வ் கைகொடுப்பதால் இப்போது இரண்டாவது நோடுக்குத் திரும்பிப் போய் கெயினைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். வீல் பொதுவான சூட்டைக் கொடுக்கட்டும். அது எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கர்வ் தீர்மானிக்கட்டும்.

சரியாக வந்ததா என்பதைப் பாரேடில் பார்க்கலாம். நடுநிலையில் மூன்று வரைபடங்களும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருந்தன. இப்போது உச்சியில் சிவப்பு உயர்ந்தும் நீலம் தாழ்ந்தும் படிக்கட்டு போல இறங்கும். அடியில் மூன்றும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நிற்கும், அல்லது நீலம் மயிரிழை மேலே இருக்கும். மேலே பிரிந்து கீழே சேர்வது மாலையின் கையொப்பம். மேலும் கீழும் ஒரே அளவுக்குப் பிரிந்திருந்தால் நாம் மீண்டும் மஞ்சள் தாளைத்தான் ஒட்டியிருக்கிறோம்.

வெள்ளைச் சட்டையில் ஒரு ஆபத்து இருக்கிறது. வெயில் பட்ட தோள்பட்டையில் கேமரா மூன்று நிறத்தையும் உச்சத்தில் முட்டவிட்டிருந்தால், அங்கே துணியின் மடிப்பு பற்றிய தகவலே பதிவாகியிருக்காது. பாரேடில் அது உச்சியில் ஒட்டிக்கொண்ட ஒரு தட்டையான கோடாகத் தெரியும். அந்த இடத்தில் நீலத்தைக் குறைத்தால் மடிப்பில்லாத மஞ்சள் திட்டு ஒன்று தோளில் உட்காரும். இழந்த மடிப்பை எந்தக் கர்வும் திருப்பித் தராது. செய்யக்கூடியது, நீலக் கோட்டின் மேல்மூலையைப் பழைய இடத்துக்கு அருகிலேயே விட்டுவிட்டு முக்கால் பகுதியை மட்டும் தாழ்த்துவது. மிகப் பிரகாசமான புள்ளிகள் வெண்மையாகவே மிஞ்சும். அதைக் கண் ஏற்றுக்கொள்ளும், மஞ்சள் திட்டை ஏற்காது.

அடுத்து வானம். வெளிச்சப் பகுதிகளில் நீலத்தைக் குறைத்தோம் அல்லவா? வானமும் வெளிச்சப் பகுதிதான். அது இப்போது அழுக்கான பச்சைச் சாயலுக்கு நகர்ந்திருக்கும். சூடேற்றிய படங்களில் நான் மிக அதிகமாகக் காணும் குறை இதுவே. பலர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதால் இது கண்ணில் படுவதில்லை. நான்காவது நோடில் Hue vs Hue என்ற கர்வைத் திறந்து, படத்தில் வானத்தின் மீது ஒரு முறை சொடுக்கினால், அந்த நிறம் இருக்கும் இடத்தில் கர்வில் புள்ளிகள் விழும். நடுப்புள்ளியை மெல்ல நகர்த்தி, பச்சைச் சாயல் நீங்கி நீலம் திரும்பும் இடத்தில் நிறுத்த வேண்டும். பிறகு Hue vs Sat கர்வில் அதே நிறத்தின் அடர்த்தியைக் கொஞ்சம் குறைத்தால் மாலைக்குரிய மங்கிய நீலம் கிடைக்கும். வானத்தை மட்டும் ஒரு கட்டத்துக்குள் அடைத்துத் திருத்தவும் முடியும். ஆனால் சுண்டல்காரரின் தலை கடலின் கோட்டைத் தாண்டி வானத்துக்குள் நீண்டிருக்கிறது. கட்டத்தின் விளிம்பு நெற்றிக்கு நடுவே ஓடும். நிறத்தை வைத்துப் பிரிக்கும் கர்வே இங்கே நல்லது. கைப்பேசிகள் வழக்கமாகப் பதியும் 8 பிட் வீடியோவில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். வானம் போன்ற சீரான பரப்பை அதிகம் இழுத்தால் அந்தப் படிகள் பட்டை பட்டையாக வெளியே தெரியும். பட்டை தெரிந்தால் இழுப்பைக் குறைப்பதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை.

கடைசியாக முகம். Vectorscope என்ற வட்ட ஸ்கோப்பில் மனிதத் தோலின் நிறத்துக்கென ஒரு கோட்டைக் காட்டச் செய்யலாம். வெளுத்த தோலோ கறுத்த தோலோ, எல்லாருடைய தோலும் நடுநிலை வெளிச்சத்தில் அந்தக் கோட்டை ஒட்டியே விழும். தோலுக்குத் தோல் அதிகம் வேறுபடுவது பிரகாசமும் அடர்த்தியும்தான். சூடேற்றிய பிறகு முகம் அந்தக் கோட்டிலிருந்து மஞ்சள் பக்கமோ சிவப்புப் பக்கமோ வெகுவாக விலகியிருந்தால் மேலே சொன்ன விகிதத்தைத் திருத்த வேண்டும். கறுத்த மேனியில் கூடுதல் கவனம் தேவை. அந்தத் தோலின் அழகு கன்னத்திலும் நெற்றியிலும் விழும் வெளிச்சத்தின் பளபளப்பில் இருக்கிறது. காமா வீலை ஆரஞ்சுக்குத் தள்ளினால் அந்தப் பளபளப்பு மறைந்து முகம் முழுவதும் செங்கல் நிறமாகிவிடும். நம் படங்களில் இப்படிக் கெட்டுப்போகும் முகங்கள் ஏராளம். காமாவைத் தொடாமல், வெளிச்சம் விழுந்த இடத்தை மட்டும் கர்வால் சூடேற்றுவதே அந்த முகத்துக்குச் செய்யும் நியாயம்.

இத்தனையும் செய்து முடித்ததும் நம் கண்ணை நம்பக் கூடாது. ஆரஞ்சுப் படத்தைச் சில நிமிடங்கள் பார்த்துக்கொண்டிருந்தால் மூளை அதையே இயல்பென்று எடுத்துக்கொள்ளும். போதவில்லை என்று தோன்றும். இன்னும் கொஞ்சம் கூட்டுவோம், பிறகு இன்னும் கொஞ்சம். கணினியின் இரவு நேர வண்ணமாற்ற வசதி இயங்கிக்கொண்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம்; வேலைக்கு முன் அதை அணைத்துவிட வேண்டும். எழுந்து போய் வெளியே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்து, `Ctrl+D` அழுத்தி நோடை அணைத்தும் ஏற்றியும் பார்த்தால் உண்மை தெரியும். பெரும்பாலும் அதிகமாகத்தான் போயிருக்கும். அப்போது எல்லாவற்றையும் கலைக்க வேண்டியதில்லை. Key என்ற பகுதியில் Key Output வரிசையில் இருக்கும் Gain அளவை 1.000இலிருந்து 0.700க்கு இறக்கினால் அந்த நோடின் மொத்த விளைவும் அந்த விகிதத்தில் தணியும்.

இதையெல்லாம்விட நம்பகமான துணை ஒன்று இருக்கிறது. நான்கு மணிக்கு ஷாட்டை எடுத்தவர்கள் ஐந்தரை வரை அங்கேயே இருந்து, அதே இடத்தில் அதே வெள்ளைச் சட்டையைச் சில விநாடிகள் எடுத்துவைத்துக்கொள்ளலாம். ஆனால் கைப்பேசியின் தானியங்கி ஒயிட் பேலன்ஸ் மாலையின் பொன்னிறத்தைப் பிழையென்று எடுத்துக்கொண்டு அதைக் கழுவிவிடும். சில நேரம் ஷாட்டின் நடுவிலேயே நிறத்தை மாற்றிவிடும். அதைச் சரிசெய்வது பெரும்பாடு. ப்ரோ பயன்முறையில் ஒயிட் பேலன்ஸை 5500 கெல்வினில் பூட்டிவிட்டு, இரண்டு நேரத்து ஷாட்டையும் அதே அளவில் எடுங்கள். பிறகு உண்மையான ஐந்தரை மணியின் பாரேடைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான்கு மணிக் கிளிப்பைத் திருத்துங்கள். எவ்வளவு இழுப்பது, எங்கே நிறுத்துவது என்பதை அந்த ஷாட்டே காட்டிவிடும்.